கரும்பலகையில் ஒரு ‘எஸ்’

மாரிமுத்து ஓர் அரசுப் பள்ளியில் இரவுக் காவலர். ராத்திரி எட்டு மணிக்கு டூட்டிக்கு வருவார். காலை ஆறரைக்குச் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிளம்புவதற்கு முன்னால், வராந்தாவில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் சாக்பீஸால் ஆங்கிலத்தில் ஓரிரு வரி எழுதி வைப்பார். முந்தின ராத்திரி என்ன நடந்ததோ அதைப் பற்றி, அவ்வளவுதான்.

மாரிமுத்துவை எந்த ஊரிலும் தேட வேண்டாம். அவர் ஒரு கதாபாத்திரம். ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர்கள், பக்கத்தில் யாரும் உட்கார்ந்து அர்த்தம் சொல்லாமல், தாங்களே படித்து முடிக்கட்டும் என்று நான் எழுதிப் பார்த்த நானூறு சொல் கதையின் நாயகன். இந்த வகைக் கதை எப்படி உருவாகிறது, அதில் எங்கே சறுக்கும் என்பதை அவரை வைத்தே சொல்லிவிடலாம்.

“எளிய கதைதானே, அரைமணி நேர வேலை” என்று தோன்றும். ஆனால் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பிறந்தது லண்டனில் அல்ல, டாக்காவில். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு படும் பாட்டைக் கூர்ந்து பார்த்தவர். வரிக்கு வரி புதுச் சொல் வந்து மறித்தால் பிள்ளை கதையைப் படிப்பதில்லை, அகராதியைத்தான் படிக்கிறது என்பது அவர் கண்டது. ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச் சொல், அதற்கு மேல் கூடாது என்று 1926-இல் எழுதினார். அரிய சொற்களை அகற்றிவிட்டு, அடிக்கடி புழங்கும் சொற்களை மட்டும் கொண்டு வாசிப்புப் புத்தகங்கள் தயாரித்தார். பின்னால், 1953-இல், ஆங்கிலத்தில் அதிகம் பயன்படும் சுமார் 2,000 சொற்களின் பட்டியலும் அவர் பெயரில் வெளியானது.

ஐம்பதுக்கு ஒன்று என்றால் நூற்றுக்கு இரண்டு. அதாவது பக்கத்தில் இருக்கும் சொற்களில் 98 சதவீதம் வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே கதையைப் பல விதமாக மாற்றி, தெரியாத சொற்களைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துச் சோதித்தார்கள். உதவியில்லாமல் புரிந்து படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலானவர்களுக்கு அதே 98 சதவீதம் தேவைப்பட்டது. ஐந்தில் ஒரு சொல் தெரியாமல் இருந்தபோது யாருக்குமே கதை போதுமான அளவு புரியவில்லை. இன்று கடைகளில் கிடைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையின் முதல் நிலைப் புத்தகங்கள் 400 அடிப்படைச் சொற்களுக்குள்ளும், அடுத்த நிலை 700 சொற்களுக்குள்ளும் எழுதப்படுவது இந்த வழியில்தான்.

ஆக, என் நானூறு சொல் கதையில் புதுச் சொல்லுக்கு இடம் எட்டு. எட்டே எட்டு. அதற்குள் ஒரு மனிதர், ஓர் இடம், ஒரு நிகழ்ச்சி, ஒரு முடிவு எல்லாம் வர வேண்டும்.

இங்கேதான் வாட்ச்மேன் கைகொடுக்கிறார். அவருடைய உலகத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கேட், டார்ச், பெல், போர்டு, ஸ்கூல், டூட்டி, ரவுண்ட்ஸ், லைட். ஆங்கிலமே தெரியாது என்று சொல்லும் ஒரு தமிழருக்கு இவற்றில் எந்தச் சொல் புதிது? எல்லாம் காதில் விழுந்து பழகியவை. எழுத்துக்கூட்டல் மட்டும்தான் புதிதாக இருக்கும். அதே கதையை ஒரு மாலுமியையோ பனிமலையில் ஆடு மேய்ப்பவரையோ வைத்து எழுதியிருந்தால் என் எட்டுச் சொல்லும் முதல் பத்தியிலேயே கரைந்திருக்கும்.

ஆனால் இந்தப் பழகிய சொற்களிலும் கண்ணி உண்டு. நாம் “கரண்ட் போயிடுச்சு” என்கிறோம். அதை அப்படியே மாரிமுத்து பலகையில் “தி கரண்ட் வென்ட்” என்று எழுதினால் நம் தெருவில் செல்லுபடியாகும், வெளியே செல்லாது. ஆங்கிலத்தில் அதற்குச் சொல்வது பவர். சாக்பீஸும் அப்படித்தான், அங்கே வெறும் சாக். இந்தக் காரணத்தால் மின்வெட்டு ராத்திரி ஒன்றைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டேன். நல்ல காட்சி, இருட்டில் டார்ச் வெளிச்சம், நாய், நிழல் எல்லாம் இருந்தது. ஆனாலும் ஒரு சொல்லை விளக்க அடிக்குறிப்பு போட வேண்டியிருந்தால் அது இந்த வகைக் கதைக்கு ஆகாது.

காவலரைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம், அவர் வேலையின் இயல்பு. ஒவ்வொரு ராத்திரியும் அவர் வருகிறார், கேட்டைப் பூட்டுகிறார், சுற்றிவருகிறார், பார்க்கிறார், எழுதுகிறார், போகிறார். கதை கடந்த காலத்தில் நடக்கிறது என்பதால் கேம், ஸா, ரோட், வென்ட் என்ற வினைகள் ஒவ்வொரு ராத்திரியும் திரும்ப வரும். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகள்தான் இறந்தகாலத்தில் எந்த விதிக்கும் கட்டுப்படாதவை. ‘எட்’ சேர்த்தால் போதும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதி இவற்றுக்கு உதவாது. திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டுத்தான் படிய வேண்டும். ஏழு ராத்திரிக் கதையில் ‘ரோட்’ குறைந்தது ஏழு முறை வரும். அதற்காகத் தனியாக ஒரு பயிற்சிப் பட்டியல் வேண்டியதில்லை. காவலர் தினமும் எழுதத்தானே செய்கிறார்!

திரும்ப வரும் சொல் மனத்தில் தங்கும் என்பதற்கு வேடிக்கையான ஒரு சான்று உண்டு. ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ என்ற 1962-ஆம் ஆண்டு நாவலில் வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழியிலிருந்து உருவான விநோதக் கொச்சை ஒன்றைப் பேசுவார்கள். 1978-இல் வெளியான ஓர் ஆய்வில், சொற்பொருள் பட்டியல் ஏதும் இல்லாமல் சிலருக்கு அந்த நாவலைக் கொடுத்தார்கள். படித்து முடித்த பிறகு, எதிர்பாராமல் சொற்தேர்வு வைத்தார்கள். அவர்களுக்குச் சராசரியாகச் சோதித்த சொற்களில் முக்கால்வாசியின் பொருள் தெரிந்திருந்தது. யாரும் மனப்பாடம் செய்யவில்லை. கதை கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்களுக்கு மற்ற சொற்களெல்லாம் தெரிந்த ஆங்கிலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சுற்றியுள்ள சொற்கள் தெரிந்தால்தான் நடுவில் நிற்கும் தெரியாத சொல் புரியும். திரும்பவும் அதே 98 சதவீதம்தான்.

இனி கதை. முதல் நாள் காலை பலகையில் இருந்தது: “ஐ ஸா எ டாக்.” ஒரு நாயைப் பார்த்தேன். மறுநாள்: “தி டாக் கேம் பேக்.” அந்த நாய் திரும்ப வந்தது. இந்த இரண்டு வரிக்காகவே இந்தக் கதையை எழுதலாம் என்று நினைக்கிறேன். ‘எ’ எப்போது, ‘தி’ எப்போது என்பது தமிழில் யோசிப்பவருக்குத் தீராத தலைவலி. நம் மொழியில் அப்படி எந்நேரமும் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒன்று கிடையாது. பாடப்புத்தகம் இதற்கு விதி சொல்லும். கதை ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. முதல் நாள் அது ஏதோ ஒரு நாய். மறுநாள் அது நமக்கு அறிமுகமான நாய். வாசகர் விதியைக் கவனிக்காமலே அதைக் கடந்துபோகிறார்.

மூன்றாம் நாள்: “தி டாக் ஸ்லெப்ட். ஐ டிட் நாட் ஸ்லீப்.” நாய் தூங்கியது, நான் தூங்கவில்லை. காவலரின் புகாரும் கொஞ்சம் பெருமையும் கலந்த வரி. படிப்பவர் இங்கே சிரித்தால் கதை ஓடுகிறது என்று அர்த்தம். சிரிப்போடு சேர்ந்து, ‘டிட் நாட்’ வந்தால் பின்னால் ‘ஸ்லெப்ட்’ வராது, ‘ஸ்லீப்’தான் வரும் என்பதும் ஒரே மூச்சில் கண்ணுக்கு முன் நிற்கிறது. ‘டிட் நாட் ஸ்லெப்ட்’ என்று எழுதுவது நம் பிள்ளைகளிடம் எவ்வளவு சகஜம் என்று எந்த ஆங்கில ஆசிரியரையும் கேளுங்கள்.

நான்காம் நாள் மாரிமுத்து தவறு செய்கிறார். “தி டாக் ஸ்லீப் ஹியர் எவ்ரி நைட்” என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். நாய் தினமும் ராத்திரி இங்கே தூங்குகிறது என்று சொல்ல வந்தார். ‘ஸ்லீப்ஸ்’ என்று இருக்க வேண்டும். அந்தக் கடைசி ‘எஸ்’ விடுபட்டுப்போனது.

இந்த ‘எஸ்’ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். தமிழில் தூங்குகிறேன், தூங்குகிறாய், தூங்குகிறாள், தூங்குகிறது என்று ஆளுக்கு ஆள் வினையின் வால் மாறும். அப்படி மாற்றிப் பழகிய நாம் ஆங்கிலத்துக்குப் போனால், ஐ, யூ, வீ, தே எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஸ்லீப்’. அப்பாடா என்று மூச்சு விடும்போது ஹீ, ஷீ, இட் மூன்றுக்கு மட்டும் ஒரு ‘எஸ்’ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அது இல்லாவிட்டாலும் அர்த்தம் கெடுவதில்லை, கேட்பவருக்குப் புரிந்துவிடும். அதனாலேயே அது விழுந்துபோகிறது. வருடக்கணக்கில் ஆங்கிலம் பேசுபவர்களுக்குக்கூட அவசரத்தில் விழும்.

மலர் என்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. காலை எட்டேமுக்காலுக்கு முதல் ஆளாகப் பள்ளிக்கு வருபவள். அவளும் காவலரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது, அவர் போன பிறகுதான் இவள் வருவாள். அவள் பலகையைப் படிக்கிறாள். கீழே கிடந்த சாக் துண்டை எடுக்கிறாள். ‘ஸ்லீப்’புக்குப் பின்னால் சின்னதாக ஒரு ‘எஸ்’ போடுகிறாள். அடிக்கவில்லை, அழிக்கவில்லை, வட்டம் போடவில்லை. ராத்திரி வந்து பார்க்கும் மாரிமுத்து, தன் கையெழுத்து இல்லாத அந்த ஓர் எழுத்தை டார்ச் அடித்துப் பார்க்கிறார். மறுநாள் காலை பலகையில் கேள்வி: “ஹூ ரோட் திஸ்?” இதை எழுதியது யார்? சாயங்காலம் கீழே பதில் இருக்கிறது: “ஐ டிட்.” நான்தான்.

அதற்கு அடுத்த நாள் “ஹூ ஆர் யூ?” என்று அவர் கேட்கிறார், “ஐ ஆம் மலர். வாட் இஸ் தி டாக்ஸ் நேம்?” என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். நாய்க்குப் பெயரே வைக்கவில்லையே! ஏழாம் நாள் மாரிமுத்து இப்படி எழுதுகிறார்: “தி டாக்ஸ் நேம் இஸ்”. அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு, நிரப்புவதற்கு. கதை அந்தக் கோட்டோடு முடிகிறது.

இதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. தவறான வாக்கியத்தை அச்சில் கொடுக்கலாமா? படிப்பவர் மனத்தில் தவறே தங்கிவிட்டால்? இந்தப் பயம் நியாயமானது. அதனால் ‘எஸ்’ இல்லாத ‘ஸ்லீப்’ கதையில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. திருத்திய வாக்கியத்தை மலர் ஒரு முறை வாய்விட்டுப் படிக்கிறாள், மாரிமுத்து ராத்திரி ஒரு முறை படிக்கிறார், மறுநாள் பிள்ளைகள் கூட்டமாக நின்று படிக்கிறார்கள். கெட்டதற்கு ஒரு இடம், நல்லதற்கு மூன்று இடம். கதைக்குள் அதற்கான காரணமும் இயல்பாக இருக்கிறது. தவறு எங்கேயும் திருத்தப்படாமல் நிற்கும் கதை என்றால் நான் எழுதத் துணிய மாட்டேன்.

இப்படி ஒரு கதையை எழுத உட்காருபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் உண்டு. ஒன்று, காவலரைப் பலகையில் பொன்மொழி எழுத வைப்பது. பள்ளிப் பலகை என்றாலே “ஹானஸ்டி இஸ் தி பெஸ்ட் பாலிசி” என்று கை போய்விடுகிறது. பாலிசி என்றதும் நம் வீட்டில் நினைவுக்கு வருவது காப்பீட்டு ஏஜென்ட்தான். பொன்மொழியில் யாரும் எதுவும் செய்வதில்லை. யாரும் வருவதில்லை, போவதில்லை. கற்பவருக்கு வேண்டியது வினைச்சொல். அது நாயிடம்தான் இருக்கிறது, பொன்மொழியில் இல்லை.

இன்னொன்று, கட்டுரை எழுதிப் பழகியவர்களின் பழக்கம். சொன்ன சொல்லையே சொல்லக் கூடாது என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் முதல் பத்தியில் வாட்ச்மேன், இரண்டாவதில் கார்டு, மூன்றாவதில் செக்யூரிட்டி என்று ஆளை மாற்றிக்கொண்டே போவார்கள். கற்பவர் பள்ளியில் மூன்று பேர் வேலை செய்வதாக நினைத்துக்கொள்வார். இங்கே வாட்ச்மேன் கடைசி வரை வாட்ச்மேன்தான்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே ஆபத்தானது, ஏனென்றால் சொற்பட்டியலால் அதைப் பிடிக்க முடியாது. “ஹி புட் அவுட் தி லைட்” என்று ஒரு வரி. புட், அவுட், லைட் மூன்றும் முதல் நிலைச் சொற்கள், பட்டியலில் வைத்துச் சரிபார்த்தால் எல்லாம் பாஸ். ஆனால் விளக்கை வெளியே கொண்டுபோய் வைத்தார் என்றுதான் கற்பவர் புரிந்துகொள்வார். விளக்கை அணைத்தார் என்பது பொருள். “தி டாக் டர்ன்ட் அப்” என்றால் நாய் மேலே திரும்பியது அல்ல, வந்து சேர்ந்தது. சின்னச் சின்னச் சொற்கள் இரண்டு சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைத் தருவது ஆங்கிலத்தின் சுபாவம். என் முதல் வரைவில் இப்படி நாலைந்து ஒளிந்திருந்தன. உரக்கப் படித்து, ஒவ்வொரு வரியையும் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பார்த்தால், அபத்தமாக வரும் வரிதான் மாற்ற வேண்டிய வரி.

கதை ஒருவருக்குப் பொருத்தமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு மேலே ஒரு புள்ளி வைக்கட்டும். நூறு சொல்லுள்ள பக்கத்தில் இரண்டு, மூன்று புள்ளி என்றால் சரி. ஏழெட்டு புள்ளி விழுந்தால் கதையில் குற்றமில்லை, இவருக்கு இது இன்னும் காலமாகவில்லை. கீழ்நிலைக் கதை ஒன்று கொடுக்க வேண்டும். புள்ளியே இல்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம், வேகம் கூடுவதற்கு அப்படிப்பட்ட கதைதான் நல்லது. சொற்களுக்கு மேல் தமிழ் அர்த்தத்தை எழுதிக்கொண்டே போகிறார் என்றால் மட்டும் நிறுத்திவிடுங்கள். பிறகு கண் தமிழைத்தான் படிக்கும்.

இந்தக் கதையால் ஆகாதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானூறு சொல் கதையைப் படித்து ஆங்கிலம் வந்துவிடாது. எட்டுச் சொல்லில் பாதி அடுத்த வாரம் மறந்துபோகலாம். அதே சொற்கள் இன்னொரு கதையில், வேறோர் ஆளின் வாயில் திரும்ப வந்தால்தான் நிற்கும். அதனால் மாரிமுத்துவுக்குப் பக்கத்தில் பால்காரர், பஸ் கண்டக்டர், சத்துணவு ஆயா என்று அதே சொற்களை வைத்து இன்னும் பல கதைகள் தேவை. பேச்சுப் பழக்கத்தையும் இது தராது. ‘நைட்’, ‘லைட்’ என்ற சொற்களில் எழுத்தில் இருக்கும் ‘ஜி’யும் ‘ஹெச்’சும் வாயில் வராது என்பதை யாராவது ஒரு முறை படித்துக் காட்டத்தான் வேண்டும்.

வகுப்பில் இந்தக் கதையை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. கதை முடிந்ததும் ‘ஸ்லீப்ஸ்’ என்பதில் ‘எஸ்’ ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். பலகையில் மாரிமுத்துவின் கடைசி வரியைக் கோட்டோடு எழுதிவிட்டு, சாக்பீஸைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நாய்க்குப் பெயர் வைக்கட்டும். அடுத்த நாள் காலை, முந்தின ராத்திரி தங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி எழுதட்டும். எழுத்து விடுபட்டால், பக்கத்தில் இருக்கும் பிள்ளையே சின்னதாகப் போட்டுக்கொடுக்கும்.